நானூறு சொல்லுக்குள்

"மூணே முக்கால் மணி நேரம் பேசியிருக்கான் அந்த ஆள். அதுல பாதி மழுப்பல். நானூறு சொல்லுக்குள்ள அடக்கிட்டியா?" என்றார் ஆசிரியர்.

"அடக்கிட்டேன் சார்." நிருபர் தாளை மேசைமேல் வைத்தாள். அலுவலகத்தில் அவளுக்கு 'அட்டை' என்று பெயர். ஒட்டினால் விடமாட்டாள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கிரேன் சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்தார் என்று கதை கட்டி, பழியை அவர் தலையில் போட்டார்கள். கம்பி நைந்துவிட்டது என்று மூன்று வாரம் முன்பே அவர் கடிதம் எழுதியிருந்தார். அதை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டியவரின் பேட்டிதான் இது. அச்சேறினால் கிரேன்காரர் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஒரு வரி பிசகினாலும் மொத்தமும் புளுகு என்று ஆகிவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது ஒலிப்பதிவில் வரும் நேரத்தைக் குறித்திருந்தாள். ஆசிரியர் ஹெட்போனை மாட்டினார்.

"'கடிதம் திங்கட்கிழமை வந்தது'ன்னு எழுதியிருக்க. அவன் 'திங்கட்கிழமைன்னு நினைக்கிறேன்'னுதானே சொல்றான்? சுருக்குறேன்னு சந்தேகத்தை வெட்டிடாதே."

திருத்தினாள்.

"இந்த மேற்கோள் ஒட்டு வேலை. முதல் பாதி முப்பதாவது நிமிஷம், மறுபாதி ரெண்டாவது மணி. நடுவுல வேற கேள்வி கேட்டிருக்க."

"பிரிச்சுடறேன். ஆனா 'பயந்துட்டேன்'ங்கிறதைத் தொட விடமாட்டேன் சார். ஏன் மறைச்சீங்கன்னு ஏழு தடவை கேட்டேன். ஆறு தடவை ஊர்க்கதை. ஏழாவது தடவைதான் வாயே திறந்தது."

"அப்ப ஏழாவது தடவைன்னே எழுது. தானா ஒப்புக்கிட்ட மாதிரி இருக்கக் கூடாது. அவன் அவ்வளவு நல்லவன் இல்ல."

அட்டை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

"முக்கியமானதை விட்டுட்ட. மூணு மணி பத்தாவது நிமிஷம். விபத்துக்கு மறுநாள் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படிக்கிறான். திரும்ப உள்ள வெச்சுப் பூட்டுறான். அதுதான் செய்தியோட முதல் வரி."

"அதை எழுதாதேன்னு அவர் கேட்டுக்கிட்டார் சார். சரின்னு வாக்குக் கொடுத்துட்டேன். அது ஒலிப்பதிவுலயே இருக்கு."

"எழுது. அனுமதிக்கு நான் பொறுப்பு."

அவள் எழுதினாள்.

"முதல் பக்கம். மேல் பாதி முழுக்க," என்றார் ஆசிரியர். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, 'பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்' என்பதை அடித்தார். 'அன்று இந்தப் பத்திரிகையில் வாசகர் கடிதங்களைப் பார்த்துவந்த உதவியாசிரியர்' என்று மேலே எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டார்.