வீட்டுக்காரர் கைப்பட

வீட்டுக்காரர் மூன்றாவது தாளையும் கசக்கி எறிந்தார்.

வாசலில் லாரி நின்றது. கீழ் வீட்டுத் தையல்காரரும் அவர் மனைவியும் இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தை மூட்டை கட்டி அதில் ஏற்றிவிட்டு, மாடிக்கு வந்து, இந்த ஒரு கடிதத்துக்காக அவர் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

காலி செய்கிறவர்களுக்கு வீட்டுக்காரர் விடைகொடுத்து எழுதித் தருவது வழக்கம்தான். என்று வந்தார்கள், என்று போகிறார்கள், மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, எத்தனை சாவி திரும்பி வந்தது, மனஸ்தாபம் எதுவுமில்லை, போகிற இடத்தில் நன்றாக இருங்கள். இவ்வளவுதான். அச்சடித்த படிவமே கடையில் கிடைக்கிறது. கையெழுத்தைக் கிறுக்கினால் வேலை முடிந்தது.

புது வீட்டுக்காரன் எவனோ சரியான வம்புக்காரன் போலிருக்கிறது. படிவமெல்லாம் ஆகாதாம். பழைய வீட்டுக்காரர் கைப்பட, முழுப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால்தான் சாவியே தருவானாம்.

இந்த வயதில் அவரை உட்கார வைத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறான்!

நான்காவது தாளில் தேதியைப் போட்டார். மீட்டர் எண்ணுக்கு வந்ததும் பேனா நின்றது. மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறதென்று யோசித்தார். தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். காலையிலேயே பார்த்துக் குறித்து வைத்திருந்தார்.

சாவி. வாசல் கதவுக்கு இரண்டு, கேட்டுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று. பின்கதவுச் சாவி புதிதாக இருந்தது. பழைய பூட்டு துருப்பிடித்துப் போய், பூட்டை மாற்றிப் பதினோரு வருடம் ஆகிறதாம்.

தண்ணீர்க் குழாயின் முதன்மை வால்வு கொல்லைப்புறத்தில் எந்த மூலையில் இருக்கிறது, மொட்டை மாடியில் எந்த இடத்தில் ஒழுகினால் எங்கே பூச வேண்டும், மோட்டாரை எத்தனை நிமிடத்தில் நிறுத்த வேண்டும், எல்லாம் தையல்காரர் சொல்லச் சொல்ல எழுதினார். சொந்த வீட்டைப் பற்றிக் குடியிருந்தவரிடம் கேட்டு எழுதுவது தலையிறக்கமாக இருந்தது. நாளைக்குக் குழாயில் தண்ணீர் நின்றால் கீழே பார்த்துக் குரல் கொடுக்க ஆளில்லை என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது. பயந்ததைக் காட்டிக்கொள்ளாமலிருக்க இன்னும் கொஞ்சம் கோபப்பட்டார்.

அவருக்குத் தானாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதை அழுத்தி எழுதினார்: 'சுவர்களில் மொத்தம் முப்பத்தொரு ஆணிகள்.' காலையில் இவர்கள் லாரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அறை அறையாகப் போய் எண்ணி வைத்திருந்தார்.

அடுத்து 'மனஸ்தாபம் எதுவுமில்லை' என்று எழுத வேண்டும். கை வரவில்லை.

எப்படி வரும்? ஒரு மாதமாகக் கேட்கிறார், ஏன் போகிறீர்கள் என்று. 'வசதிக்காக' என்று மழுப்புகிறார்கள். இங்கே என்ன வசதி குறைந்துபோயிற்று? அந்தம்மா கோலமாவு டப்பாவைக்கூட விடாமல் வழித்தெடுத்துக்கொண்டு கிளம்புகிறாள், காரணத்தை மட்டும் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் பழகிய மனிதனுக்கு இதுதான் மரியாதையா?

'மனஸ்தாபம் உண்டு,' என்று எழுதினார். 'காரணம் சொல்லாமல் போகிறார்கள். மற்றபடி இவர்களைப் போல் ஒரு குடும்பம் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கும் இனிமேல் கிடைக்காது.'

தையல்காரரின் மனைவி தலைகீழாகவே அதைப் படித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு வரிதான் பாக்கி. பின்னால் தபால் ஏதாவது வந்தால் அனுப்பி வைக்க வேண்டிய விலாசம். அதையும் இத்தனை நாளாகச் சொல்லவில்லை.

"இதையாவது வாயைத் திறந்து சொல்லுங்க. இல்ல, அதுவும் ராணுவ ரகசியமா?"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி லாரியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவள்தான் சொன்னாள். "உங்க பையன் வீட்டு மாடிக்குத்தான் போறோம்ணா. மருமகளுக்கு இது எட்டாம் மாசம். தாங்கிப் பிடிக்கப் பெரியவங்க யாரும் பக்கத்துல இல்ல. அம்மா இல்லாத பிள்ளை, என் கையால சாப்பிட்டு வளந்தவன், கூப்பிட்டா நான் எப்படிப் போகாம இருப்பேன்? அப்பா கையெழுத்தப் பாத்து ஒன்பது வருஷமாச்சு, எதையாவது ஒரு பக்கம் எழுதி வாங்கிட்டு வாங்கன்னு சொன்னதும் அவன்தான்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

அவர் கத்தப் போகிறார் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கடிதத்தைக் கிழித்துப் போடுவார் என்றும் நினைத்தார்கள். அவனிடமிருந்து வந்த ஒரு கடிதத்தைக்கூட அவர் பிரித்ததில்லை. ஒவ்வொன்றையும் தபால்காரனிடம் வாங்கி மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். உறை ஒட்டினது ஒட்டினபடியே அலமாரியில் கிடப்பதைப் பார்த்தவளும் அவள்தான்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றார்.

பேனாவை எடுத்தார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவு எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வாயெடுத்தாள்.

அவர் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தார். கதவு எண், தெரு, குறுக்குச் சந்து, அஞ்சல் எண்ணின் கடைசி இலக்கம் வரைக்கும், எங்கேயும் நிறுத்தாமல்.