பூ கொடுத்த உத்தரவு

“பூக்கட்டிப் பாத்த கதையச் சொல்லாம எறங்கிறாதீகண்ணே. சனம் அதக் கேக்கத்தான் வந்திருக்கு” என்றான், மைக்கைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக்காரன் பிச்சைமணி.

முத்துக்கருப்பன் கேட்காதவர்போலப் பேச்சுக் குறிப்பைப் புரட்டினார். எந்தக் கதையைச் சொல்லாமல் தப்பிக்கலாம் என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தாரோ, அதையே எல்லாரும் கேட்டால் என்ன செய்வது?

தேனிக் கடைவீதியில் கேசட் கடை வைத்திருப்பவர் அவர். ஜெயமங்கலத்து மொக்கம்மாள் முளைப்பாரித் திருவிழாவில் பாடும் முத்தாலம்மன் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து, அன்று மாலை அந்த ஊர்க் கோயில் வாசலிலேயே கேசட்டாக வெளியிட்டார். மொக்கம்மாள் முதலில் இணங்கவில்லை. “முளைப்பாரிக்குப் பாடுற பாட்டு. டீக்கடையில பாட வைக்கவா? ஆத்தா பூவுல உத்தரவு குடுத்தா பாடுறேன்” என்று சொல்லிவிட்டாள்.

பூக்கட்டிப் பார்ப்பதில் வெள்ளைப் பூ வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் மறுப்பு. வாழை இலையில் நந்தியாவட்டையை ஒரு பொட்டலமாகவும் செவ்வரளியை இன்னொரு பொட்டலமாகவும் கட்டி, அம்மன் காலடியில் வைக்கவேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எடுக்காததைப் பிரிக்கும் வழக்கமில்லை. அந்த வழக்கத்தை நம்பித்தான், பொட்டலம் கட்டிய முத்துக்கருப்பன் இரண்டிலும் நந்தியாவட்டையையே வைத்தார். வெள்ளை வந்தது, மொக்கம்மாளும் பாடினாள். மொக்கம்மாளுக்கு இது தெரிந்தால் அத்தனை கேசட்டையும் அங்கேயே உடைக்கச் சொல்வாள். அவள் சொன்னால் ஊரும் உடைக்கும்.

அவர் மைக்கின் முன் நின்றார். மேடை நாற்காலியில் மொக்கம்மாள் புதுச் சுங்குடிச் சேலையோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

“பெரியோர்களே, இந்தப் பாடல்களை எழுதிக்கொள்ள முதலில் நான் பட்ட பாடு கொஞ்சமன்று. ‘அடியைச் சொல்லுங்கள் பெரியம்மா’ என்றால் வராது. பாடினால்தான் வரும், பாடவும் கும்மி தட்டுவதற்கு நான்கு பேர் சுற்றி நிற்கவேண்டும்.”

“கை தட்டாம வாய் எப்பிடிப்பா தெறக்கும்?” என்றாள் மொக்கம்மாள் நாற்காலியிலிருந்தே. கூட்டம் சிரித்தது.

“பெரியம்மா வீட்டிலேயே பதிவு செய்தோம். வாசலுக்கும் சன்னலுக்கும் சமுக்காளம் கட்டினோம். பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டை நிறுத்தச் சொன்னோம். சேவலைக் கூடையைப் போட்டுக் கவிழ்த்தோம்.”

“என்னையும் கவுத்துத்தான வச்சீக? வேர்த்து ஊத்துச்சுல்ல.”

“கும்மித் தட்டு குரலை அமுக்கிவிடாமல் இருக்க, பெண்களைத் தள்ளி நிறுத்தி, மைக்கைப் பெரியம்மாவுக்கு அருகில் வைத்தான் பிச்சைமணி. ஆனால் கேசட்டின் ஒரு பக்கம் அரை மணி நேரம்தான். அம்மன் பிறந்த கதையோ முக்கால் மணி நேரம். நடுவில் நாடா தீர்ந்துவிட்டது. நிறுத்தச் சொன்னதற்கு…”

“ஆத்தாள ஆத்தங்கரையில நிப்பாட்டிட்டு நான் காப்பி குடிக்கவா?” என்றாள் அவள். “கரையேத்தாம எந்திரிக்க மாட்டேன்னு சொன்னேன்.”

“அதனால் மறுநாள் முதலிலிருந்து பாடினார்கள். அம்மன் கரையேறுகிற அடியோடு முதல் பக்கத்தை முடித்து, மீதியை மறுபக்கத்தில் பதிந்தோம். எந்த இடத்தில் முடிப்பது என்று சொன்னதும் இவர்களே. எழுபது வயதில் ஓர் அடிகூடப் பிசகாமல் பாடிய இந்தத் தாய்க்கு நம் ஊர்கள் கடன்பட்டிருக்கின்றன. இவர்கள் பாடியிராவிட்டால்…”

“அது சரிப்பா, பூக்கட்டிப் பாத்ததச் சொல்லு” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். “ஆமா, ஆத்தா உத்தரவச் சொல்லு” என்று பெண்கள் பக்கமும் கிளம்பியது.

முத்துக்கருப்பன் மொக்கம்மாளைப் பார்த்தார். அவள் சிரிப்பு நின்றிருந்தது. கோபுரம் பார்த்த வாசலில் நின்றுகொண்டு, அம்மன் பெயரில் பொய்யை மைக்கில் முழங்க அவருக்கு நா எழவில்லை. உடைத்தால் உடைக்கட்டும் என்று துணிந்தார்.

“அந்தப் பூ விஷயத்தில் ஓர் உண்மையை நான் இந்த ஊரின் முன்னால்…”

நாற்காலி கிறீச்சிட்டது. அந்த வயதில் அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ, மொக்கம்மாள் எழுந்து வந்து மைக்கை உள்ளங்கையால் பொத்தினாள். மற்ற கையால் அவர் தோளைப் பற்றி இழுத்தாள். பெரியம்மா வாழ்த்துகிறாள் என்று நினைத்து, கூட்டம் கை தட்டியது.

“யாருய்யா சொன்னது ஒனக்கு? பூசாரியா?” என்று காதோரம் கேட்டாள்.

“எதைப் பெரியம்மா?”

“நடிக்காத. மானத்த வாங்கிறாத சாமி. சோதனைக்குன்னு நாலு வரி பாடச் சொல்லி, என் கொரல எனக்கே போட்டுக் காட்டுனீகள்ல, அப்பவே ஆசை வந்துருச்சு. ஊரு மெச்ச ‘ஆத்தா உத்தரவு வேணும்’னு வாய விட்டுட்டேன். நீ பூசாரியக் கூப்பிடப் போன நேரத்துல, செகப்பு வந்துருமோன்னு பயந்து, ஒன் பொட்டலம் ரெண்டையும் எடுத்துட்டு ரெண்டுலயும் வெள்ளையாவே கட்டி வச்சுட்டேன்.”

“என் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா பெரியம்மா?” என்றார் முத்துக்கருப்பன்.

“ஒன் பொட்டலத்தப் பிரிச்சுக்கூடப் பாக்கலய்யா, அப்பிடியே வாய்க்கால்ல விட்டுட்டேன்” என்றாள் மொக்கம்மாள், கண் கலங்க. “அதுல எதுல செகப்பு இருந்துச்சோ, அது ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம்.”