இளவரசனுக்குச் சொன்ன பாடம்

கங்கைக்கரைப் பயிற்சிக்களத்தில் வெயில் ஏறுகிறது. குரு ருத்ரசேனர் இளவரசன் சுவீரனின் தோளைப் பிடித்தபடி காதோடு சொல்கிறார்: "விரலை விரிக்காதப்பா, நாண் தானா நழுவட்டும். தோளை மட்டும் பின்னால இழுத்துக்கிட்டே இரு." அம்பு வைக்கோல் பன்றியின் நெஞ்சில் இறங்குகிறது. அடுத்து நிற்கும் படகோட்டி மகன் விபுலனின் காதிலும் அந்தச் சொல் விழுந்துவிட்டது. இத்தனை வருடமும் குரு அவனுக்குச் சொன்ன பாடம், "விரலைச் சடார்னு விரிடா" என்பதுதான். அம்பு இடப்பக்கம் விலகும்போதெல்லாம், "உன் கண்ணுதான் கோணல்" என்று எல்லோர் முன்னும் சிரித்தவர் அவர். விபுலன் நாணைக் காதுவரை இழுக்கிறான். தோள் பின்வாங்கிக்கொண்டே இருக்க, விரல்கள் மெல்லத் தளர்கின்றன. அம்பு இளவரசனின் அம்பை உரசிக்கொண்டு தைத்து நிற்கிறது. குருவின் முகம் கறுக்கிறது. "இதை யாருடா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" விபுலனின் கண் கலங்குகிறது, குரல் கலங்கவில்லை. "நீங்கதான் குருவே. அவருக்கு."