அத்தை சொல்லி அனுப்பிய வாழ்த்து

முயல் அமுதாவுக்கு விடாத தும்மல். அதனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே, காலில் கட்டுடன் படுத்திருந்த அவளுடைய அண்ணன் மகன் கபிலனுக்கு அன்று ஐந்தாவது பிறந்தநாள். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளாக அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து அமுதாவுக்குப் புல்கூட இறங்கவில்லை.

சொன்னதைச் சொன்னபடியே ஒப்பிக்கும் மைனாவைக் கூப்பிட்டாள். “இதைப் போய்ச் சொல்லு: ஐயோ கண்ணே, பிறந்தநாளும் அதுவுமா உனக்கா இந்த நிலைமை! அழாதே, நாளைக்கே துள்ளி ஓடுவே.”

மைனா அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தது. கேட்ட அமுதாவுக்கே அழுகை வந்துவிட்டது.

“அக்கா, இது வாழ்த்தா, துக்கம் விசாரிப்பா?” என்றது மைனா. “நாளைக்கு ஓட முடியலேன்னா, என்னையில்ல பொய்க்காரின்னுவான்!”

அமுதா மூக்கைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “கபிலா, இன்னியிலேர்ந்து உனக்கு அஞ்சு வயசு. நீ பிறந்த சந்தோஷம் அத்தைக்கு இன்னும் தீரலை. என் தும்மல் நின்னதும் பார்க்க வரேன். அதுவரைக்கும் இங்கே எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. உன் பக்கத்துக் கட்டில்ல யாருன்னு சொல்லேன்.”

மைனா பறந்தது. சாயங்காலம் திரும்பி வந்து, கபிலனின் கீச்சுக்குரலிலேயே ஒப்பித்தது:

“அத்தை, முள்ளம்பன்றி! அவனுக்கு ஊசி போட வந்த நர்ஸ் கையிலதான் இப்போ கட்டு! இன்னும் நிறைய இருக்கு, மைனாவை உடனே அனுப்பு!”