கெண்டைக்கால்

பத்து கிலோமீட்டர் ஓட்டப்பந்தயத்தில் ஒன்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் கறிக்கடைக்காரரின் வலது கெண்டைக்காலை யாரோ கொக்கி போட்டு இழுப்பதுபோல் இருக்கிறது. அவர் தார்ச்சாலையில் குப்புற விழுகிறார். முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. இருபது வருடமாக ஆட்டுத்தொடைகளை வெட்டிய கை, கல்லாக உருண்டு துடிக்கும் தன் சதையைத் தொட அஞ்சுகிறது. கூடவே ஓடிவந்த மச்சினன் அவரைப் புரட்டி, முழங்காலை நேராக்கி, கால்விரல்களை முகத்தை நோக்கி வளைத்து அழுத்துகிறான். "ஐயோ, விடுடா கொலைகாரா!" என்று அலறி, மறுகாலால் அவன் நெஞ்சில் உதைக்கிறார். "உதைங்க மாமா, விடமாட்டேன். மொத மூணு கிலோமீட்டர் குதிரை மாதிரி பாஞ்சீங்கல்ல, அதுக்குக் கூலி இது!" பல்லை நறநறவென்று கடிக்கும்போதே, உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப்பார்ப்பது அவருக்குத் தெரிகிறது. இனி நின்றாலும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆறாவது கிலோமீட்டரிலிருந்து அவர் தேடிய சாக்கு இதுதான். சதை மெல்ல இளகுகிறது. "ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?" "கூப்பிட்டுப் பாரு, உன்னை வெட்டிடுவேன்!" அந்த வெறியிலேயே எழுந்து, நொண்டி நொண்டி, சின்னச் சின்ன அடியாக வைத்து ஓடுகிறார்.

முடிவுக்கோட்டில் நேரம் பதியும் விரிப்பு காலடியில் 'பீப்' என்கிறது. ஒரு மணி நேரம் இருபத்திரண்டு நிமிடம். அடுத்த நொடி இரண்டு கால்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள, அவர் சாய்கிறார். படுத்தபடியே கிடக்கும் அவர் கழுத்தில் ஒரு பெண் பதக்கத்தை மாட்டுகிறாள்.

"மாப்ள, நான் அங்கயே நின்னுடத்தான் நெனச்சேன்டா."

"தெரியும் மாமா. உங்க மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு," என்றபடி மச்சினன் அவர் இடது பாதத்தைப் பிடித்து அழுத்துகிறான்.

மைதானமே திரும்பிப் பார்க்கும்படி அவர் அலறுகிறார்.