பேச்சு மட்டும் போதும்

“இன்னிக்கே முடிச்சிடு. இழுத்தா ரெண்டு பேருக்கும் வேதனை.”

கால்நடை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கிழட்டு நாய் ஒன்று கண்ணை மூடிப் படுத்திருந்தது. வாசலில் நின்று சொன்னது வரவேற்பு மேசை அக்கா. சொன்னது நாயைப் பற்றியல்ல, கிரேன்காரரைப் பற்றி.

கிரேன் ஓட்டும் அவரை, கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் செயலி ஒன்று நர்ஸுக்குப் பொருத்தமான வரனாகக் காட்டியிருந்தது. நாலு மாதமாகப் பேச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்த கிளி டாக்டரைத் திட்டியது, பூனை தராசில் ஏற மறுத்தது என்று இவள் எழுதுவாள். அங்கிருந்து பதிலுக்குப் பதில் குறும்பு வரும். காலை வேலைக்கு நடுவில் போன் அதிரும்போதே இவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

போன வாரம்தான் நேரில் பார்த்தார்கள். நல்ல மனிதர், ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில். கிரேன் மேலே ஏறினால் இறங்கும்வரை போனைத் தொடவே கூடாது என்றார். அதுதான் அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம். சிலருக்கு நாக்கு விரல் நுனியில் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பேச்சு பிடித்திருக்கிறது. கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

அக்காவின் யோசனை சுலபமானது. பதில் போடாதே, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தானே விலகிப் போவார், இல்லையென்றால் செயலியில் அவரை பிளாக் பண்ணிவிடு.

“சொல்லாம காணாமப் போறது எனக்கு ஆகாதுக்கா. என்னை ரெண்டு பேர் அப்படி விட்டுட்டுப் போயிருக்காங்க. வலி எனக்குத் தெரியும்.”

“அப்போ சொல்லிட்டு விலகு. கல்யாணமும் வேணாமாம், பேச்சு மட்டும் வேணுமாம்.”

“ஆமா, வேணும். அதுல என்ன தப்பு?”

நாய்க்கு ஊசி போட்டு, அதன் காதை வருடிவிட்டு, அவள் கையைக் கழுவினாள்.

அன்று மாலை எழுத உட்கார்ந்தாள். ‘இப்போதைக்குக் கல்யாண எண்ணம் இல்லை’ என்று தொடங்கி அழித்தாள். இப்போதைக்கு என்றால் அப்புறம் உண்டு என்று அர்த்தமாகிவிடும். ‘வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க’ என்பது பொய். ‘உங்களுக்கு என்னைவிட நல்ல பொண்ணு கிடைப்பா’ என்பது யாரும் கேட்காத நற்சான்றிதழ். எல்லாம் போக மிஞ்சியது இது:

‘உங்களோட பேசறது எனக்கு ரொம்பப் பிடிக்குது. ஆனா காதல், கல்யாணம்ங்கிற எண்ணம் எனக்கு வரல. காத்திருந்தா வரும்னு உங்களை நம்ப வைக்கவும் மனசில்ல. உங்களை நல்ல நண்பராத்தான் பார்க்கிறேன். அப்படியே பேசலாம்னா சந்தோஷம். கொஞ்ச நாள் தள்ளி இருக்கணும்னாலும், பேச்சே வேணாம்னாலும் எனக்குப் புரியும்.’

அனுப்பியதும் ஒரு வேடிக்கைப் படத்தையும் சேர்த்துத் தட்டிவிடக் கை பரபரத்தது. தட்டவில்லை. வலிக்கிற மனுஷனை உடனே சிரிக்கச் சொல்வது நியாயமில்லை.

‘நேரா சொன்னதுக்கு நன்றி. கொஞ்சம் டைம் குடுங்க’ என்று பதில் வந்தது. ‘எடுத்துக்கோங்க’ என்றதோடு அவள் நிறுத்திக்கொண்டாள். கோபமா என்று கேட்டு நச்சரிக்கவில்லை. தினமும் வரவேற்பு மேசையிலிருந்து ஒரு கேலிப் பார்வை வந்தது. அவளும் தினமும் நிமிர்ந்தே அதைக் கடந்து போனாள்.

அடுத்த வாரம் போன் அதிர்ந்தது. ‘அந்தக் கிளி டாக்டர்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சா?’

பேச்சு பழையபடி களைகட்டியது. கிளியும் வந்தது, பூனையும் வந்தது. ஆனால் முன்பு அனுப்பிய இதயப் படங்களையும் தூங்கப் போகுமுன் விசாரிப்பதையும் அவள் விட்டுவிட்டாள். சிரிப்பைக் குறைக்கவில்லை, ஆசை காட்டுகிற மாதிரி இருந்ததை மட்டும் குறைத்தாள்.

ஒருநாள் இப்படி வந்தது: ‘நீங்க எழுதலைன்னா எனக்கு நாளே ஓட மாட்டேங்குது.’

எட்டிப் பார்த்த அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. “நான் என்ன சொன்னேன்? ஆள் இன்னும் நம்பிக்கிட்டிருக்கார்.”

நர்ஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஓடி ஒளிய அவள் தயாராக இல்லை. அக்காவின் கண்முன்னேயே எழுதினாள்: ‘எனக்கும் இந்தப் பேச்சு வேணும். ஆனா என் பதில் மாறாது. மனசுல இன்னும் அந்த எண்ணம் இருந்தா சொல்லிடுங்க. நட்புங்கிற பேர்ல உங்களைக் காக்க வைக்க மாட்டேன்.’

பதில் எழுத்தில் வரவில்லை. செயலியிலிருந்து அழைப்பு வந்தது, முதல் தடவையாக. எடுத்தாள். பெண் குரல்.

“பொண்டாட்டியா இருக்கும்,” அக்கா கிசுகிசுத்தாள். “வை போனை.”

நர்ஸ் வைக்கவில்லை. யாராக இருந்தாலும் தன்னிடம் ஒளிக்க எதுவும் இல்லை என்று போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

குரல் தயங்கித் தயங்கி வந்தது. தான் கிரேன்காரரின் தங்கை என்றது. கல்யாண எண்ணம் இல்லை என்று இவள் முதலில் எழுதியதை அண்ணனிடம் அன்றைக்கே காட்டியாயிற்று, அவரும் சரியென்று வேறு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றது.

“அப்போ, நாள் ஓடலைன்னு எழுதினது?”

“அண்ணனுக்கு ஒரு வரிகூட எழுத வராதுங்க. முதல் நாள்லேர்ந்து உங்ககிட்ட பேசினது நான்தான்.”