இரண்டு வாய்ச் சோறு

"மாஸ்டர், மாமிக்கு வெச்ச சோத்த கோழி தின்ன சோறுன்னே சொல்லலாம். நான் மலைக்குப் போனதும் வட்டில்ல இருக்கிறத அப்படியே கோழிக்குக் கொட்டிடுறாங்க" என்றாள் புஷ்பம், தேயிலைக் கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றியபடி.

நுஹ்மானுக்கு இது புதிய செய்தி அல்ல. புஷ்பத்தின் மகன் ராஜதுரை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சிப்பந்தி. நுஹ்மானும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள். நுஹ்மானுக்கு றக்வானைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்ததும் ராஜதுரை அவனிடம் இரண்டு கடிதங்கள் அனுப்பியிருந்தான். ஒட்டிய உறை தன் பாட்டிக்கு, புஷ்பத்தின் மாமியாருக்கு. மற்றது நுஹ்மானுக்கு.

'தாத்தா போய் மூணு மாசம். பாட்டிக்குச் சோறு இறங்கவில்லை. வார்டில் இப்படிப் பலரைப் பார்க்கிறேன். நீ பக்கத்தில் இருக்கிறாய், பார்த்துக்கொள்' என்று தொடங்கி, செய்ய வேண்டியதை எல்லாம் எழுதியிருந்தான்.

அன்று பகல் மணி அடித்ததும் நுஹ்மான் அவர்களுடைய லயத்து வீட்டுக்குப் போனான். பஞ்சவர்ணம் பாட்டி இஸ்தோப்புத் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. புஷ்பம் வந்து படிக்கட்டும்."

"பாட்டி, பகல்ல இங்க வந்து சாப்பிடலாமா? தனியா இருந்து தின்ன ஏலாம இருக்கு" என்று கேட்டான். ராஜதுரை சொல்லிக் கொடுத்த பொய் அது.

பாட்டி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வா" என்றாள்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. சோற்றைக் குவிக்கக் கூடாது. குவியலைப் பார்த்தாலே வயிறு மூடிக்கொள்ளும். ஒரு கைப்பிடி போதும். ஆனால் அதில் தேங்காய்ப்பாலோ முட்டையோ இருக்க வேண்டும். கொஞ்சமாகத் தின்றாலும் உடம்பில் ஒட்டும். மூன்று வேளையை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் பிளேன்டீ கூடாது. வெறும் தண்ணீரால் வயிறு நிறைந்துவிடும். முக்கியமாக, 'சாப்பிடு, சாப்பிடு' என்று சொல்லவே கூடாது. கூட உட்கார்ந்து தானும் தின்ன வேண்டும்.

தாத்தா உட்கார்ந்து தின்ற அடுப்படியில் பாட்டிக்கு வாய் திறக்கவில்லை. நாற்பத்தைந்து வருடம் அவருக்குப் போட்டுவிட்டுப் பிறகு தின்றவள்.

"இஸ்தோப்புல காத்து நல்லா வருது பாட்டி. இங்கயே இருப்போம்" என்று பாயை இழுத்துப் போட்டான்.

முதல் வாரம் இரண்டு வாய். அவன் ஒரு கவளம் எடுத்தால் அவளும் ஒன்று எடுத்தாள். அவன் கையை நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். அதனால் அவனால் நிறுத்த முடியவில்லை.

"நாக்குல ருசியே இல்ல தம்பி. மண்ணு மாதிரி இருக்கு" என்றாள் ஒரு நாள்.

வாயில் புண் இருக்கிறதா, பல் நோகிறதா என்று கேட்டான். எல்லாமே துக்கம் என்று விட்டுவிடாதே என்று ராஜதுரை எழுதியிருந்தான். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனான். அங்கிருந்து றக்வானை ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பல் போனது. மறுவாரம் தேசிக்காய் ஊறுகாய் கேட்டு வாங்கி நக்கினாள்.

"உங்க உம்மா பகலைக்கு என்ன ஆக்குவாங்க தம்பி?"

"முருங்கை இலைக் கஞ்சி. தேங்காய்ப்பால் ஊத்தி" என்று சொல்லிவிட்டுப் பாயைப் பார்த்தான்.

மறுநாள் அந்தக் கஞ்சி இருந்தது. மிளகு சற்றுத் தூக்கல். நுஹ்மான் மூன்று கோப்பை குடித்தான். பாட்டி ஒன்றரை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும் தராசில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பாட்டியை நிறுப்பான். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தான் ராஜதுரை.

"தனியா தொங்க வெக்கமா இருக்கு. நீயும் ஏறு தம்பி" என்பாள் பாட்டி. அவனும் ஏறுவான்.

முதல் நிறுவையில் எழுபத்து நாலு றாத்தல். அடுத்த வாரம் எழுபத்து மூன்று. அன்று நுஹ்மானுக்கு உறக்கம் வரவில்லை. மூன்றாம் வாரம் மறுபடி எழுபத்து நாலு. ஏழாம் வாரம் எழுபத்தொன்பது.

முள்ளைப் பார்த்த நுஹ்மானுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அன்று பின்னேரமே ராஜதுரைக்குக் கடிதம் எழுதினான். 'பாட்டி தப்பித்தாள். இப்போது தானே பானையைத் திறந்து பார்க்கிறாள். நான் எதற்காக வருகிறேன் என்பது கடைசிவரை அவளுக்குத் தெரியாது.'

பாட்டியும் ஏதாவது சொல்லி அனுப்புவாளா என்று கேட்க லயத்துக்குப் போனான். உள்ளே பாட்டி சொல்லச் சொல்ல, விளக்கடியில் புஷ்பம் எழுதிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றான்.

"எழுது. பேராண்டி, அன்னைக்கு மாஸ்டர் தம்பி கையிலயே கொடுத்தனுப்பின காயிதத்தில நீ சொன்னபடியே எல்லாம் செஞ்சேன். சோத்தக் குவிக்கல. சாப்பிடுன்னு ஒரு வார்த்த சொல்லல. நான் திங்காட்டி அந்தப் புள்ளையும் கைய நிறுத்திடுமேன்னு எறங்காத சோத்த நானும் முழுங்கினேன். உம்மாவ மண்ணுல வெச்சிட்டு பன்னும் தேத்தண்ணியுமா காய்ஞ்சு கெடந்த புள்ளைக்கு இப்ப ஒம்பது றாத்தல் ஏறியிருக்கு. நீ கேட்டுக்கிட்ட மாதிரி, அதுக்கு எதுவும் தெரியாது."